எந்த ஆர்டரில், எந்தத் தேதியில்?

"ஓனர்ஷிப் போதாது. இன்னும் புரோஆக்டிவாக இருக்க வேண்டும். கம்யூனிகேஷன் மேம்பட வேண்டும். நல்ல டீம் பிளேயர். மொத்த ரேட்டிங்: 3."

மார்ச் மாதக் கடைசியில் எந்த ஊர் கம்பெனியின் அப்ரைசல் படிவத்தை எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய இதே வரிகள் இருக்கும். ஒருவர் ஓர் ஆண்டு முழுக்கச் செய்த வேலைக்கு அவருடைய மேனேஜர் தரும் பதில் இது. படிப்பவருக்கு இதிலிருந்து இரண்டு சங்கதி மட்டும் தெரியும். சாருக்குத் தன்மேல் ஏதோ மனக்குறை இருக்கிறது. சம்பள உயர்வு பெரிதாக இருக்காது. அந்தக் குறை என்ன, எங்கே வந்தது, நாளை முதல் எதை வேறு மாதிரி செய்ய வேண்டும் என்பது எதுவும் தெரியாது.

இந்த வரிகளை நேர்மையான, குறிப்பான பேச்சாக மாற்ற முடியும். அதற்கு அழகான சொற்கள் தேவையில்லை. கொஞ்சம் துப்பறிய வேண்டும், அவ்வளவுதான். எப்படி என்பதை ஒரே ஒரு படிவத்தை வைத்துப் பார்ப்போம். களம் திருப்பூர். நடுத்தர அளவிலான ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி. படிவம் ஒரு பெண் மெர்ச்சண்டைசருடையது. அந்தத் தொழிலில் வழக்கமாக நடப்பவற்றைக் கொண்டு நான் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு இது. கம்பெனியும் ஆட்களும் கற்பனை.

மெர்ச்சண்டைசர் வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு பையருக்கும் இங்கே உள்ள ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்பவர் அவர். சாம்பிள் தைத்து அனுப்பி ஒப்புதல் வாங்குவது, நூல், துணி, சாயம், பிரிண்ட், பட்டன், லேபிள் எல்லாவற்றையும் தேதிக்குத் தேதி துரத்துவது, கடைசியில் சரக்கு கண்டெய்னரில் ஏறும்வரை பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் சாயப்பட்டறையோ பிரிண்டிங் யூனிட்டோ அவர் கையில் இல்லை. பிறர் செய்யும் வேலையின் தாமதம் இவர் கணக்கில் விழுகிற பதவி அது. அதனால்தான் இந்த வேலையை எடைபோடும்போது கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது.

நம் மேனேஜர் ஓனர்ஷிப்புக்கு 2, கம்யூனிகேஷனுக்கு 2, டீம் வொர்க்குக்கு 4 போட்டிருக்கிறார். படிவம் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கும் பெண் அதிகாரியிடம் போகிறது. அவர் அதைக் கோப்பில் போடாமல் மேனேஜரிடம் எடுத்துக்கொண்டு வருகிறார்.

"ஓனர்ஷிப் போதாதுன்னு எழுதியிருக்கீங்களே சார், எதை மனசுல வெச்சு எழுதினீங்க?"

"எப்பவுமே அப்படித்தாங்க மேடம். எதையும் தன் வேலைன்னு எடுத்துச் செய்யறதில்லைங்க."

"எந்த ஆர்டர்ல சார்? எந்தத் தேதியில?"

இந்த இரண்டு கேள்விகளில்தான் எல்லாம் இருக்கிறது. மேனேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டு நவம்பர் மாதத்து நேவி கலர் ஆர்டரைச் சொல்கிறார். ஜெர்மனி பையருக்கு 12,000 டி-ஷர்ட். ஃபைலையும் மெயில்களையும் வாட்ஸப் செய்திகளையும் எடுத்து வைத்துப் பார்த்தால் நடந்தது இவ்வளவு. செவ்வாய்க்கிழமை காலையில் டையிங் யூனிட்டிலிருந்து அந்தப் பெண்ணுக்கு போன் வருகிறது. பையர் ஒப்புதல் தந்த லேப் டிப்போடு, அதாவது சாய மாதிரித் துணியோடு, இப்போது சாயமேற்றிய துணியின் ஷேடு ஒத்துப்போகவில்லை. மறுபடி சாயம் போட வேண்டும். நான்கு நாள் ஆகும் என்கிறார்கள். அந்தத் துணி வியாழக்கிழமை கட்டிங் மேசைக்கு வந்திருக்க வேண்டியது. அவள் டையிங் மாஸ்டரிடம் திரும்பத் திரும்பப் பேசி நாளைக் குறைக்கப் பார்க்கிறாள். மேனேஜருக்குச் சொன்னது வெள்ளிக்கிழமை மத்தியானம். வியாழனும் வெள்ளியும் கட்டிங் மேசை சும்மா கிடந்தது. தூத்துக்குடியில் அந்த வாரக் கப்பல் தவறியது. பையர் கேட்ட தேதிக்குக் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டும் என்று 3,000 உருப்படிகள் விமானத்தில் போயின. கடல் வழியைவிடப் பல மடங்கு செலவு. முழுதும் கம்பெனி தலையில்.

மேனேஜருக்கு மறக்காதது அந்த விமானச் செலவு. முதலாளியிடம் பதில் சொன்னவர் அவர். "ஓனர்ஷிப் போதாது" என்ற வரிக்குப் பின்னால் இருந்த சூடு அதுதான்.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. இதில் அவளுடைய பங்கு எது? ஷேடு மாறியது டையிங் யூனிட்டின் தவறு. நான்கு நாள் தாமதமும் அவர்களுடையது. செவ்வாய்க்கிழமையே அவள் சொல்லியிருந்தாலும் துணி அதே நாளில்தான் வந்திருக்கும். அன்றே தெரிந்திருந்தால் பையரிடம் தேதி நீட்டிக்கக் கேட்டிருக்கலாம். அவர்கள் தந்திருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே விமானச் செலவை அவள் பேரில் எழுதுவது நியாயமில்லை. ஆனால் செவ்வாய் முதல் வெள்ளி வரை போன மூன்று நாள் அவளுடையது. ஸ்டோரில் இன்னொரு ஆர்டரின் துணி தயாராக இருந்தது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் வியாழக்கிழமை அதை மேசையில் விரித்திருப்பார்கள். கட்டிங் ஆட்கள் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. பையரிடம் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பாவது இருந்திருக்கும். அவளிடம் பேச வேண்டியது இந்த மூன்று நாளைப் பற்றி மட்டும்தான்.

அடுத்தது, "எப்பவுமே" என்ற சொல். அந்த ஆண்டில் அவள் கையாண்டவை 26 ஆர்டர்கள். ஹெச்.ஆர். அதிகாரியும் மேனேஜரும் அவற்றைப் புரட்டுகிறார்கள். தாமதச் செய்தி மேனேஜருக்குப் பிந்தி வந்தது என்று அவர் நினைவில் இருந்தவை மூன்று. ஜூனில் ஒன்று, நவம்பரில் ஒன்று, பிப்ரவரியில் ஒன்று. ஜூன் மாதத்ததைப் பார்த்தால், பிரிண்டிங் யூனிட் தள்ளிப்போட்ட அன்றே அவள் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். மேனேஜர் அப்போது வெளிநாட்டில் பையரைப் பார்க்கப் போயிருந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் படித்திருக்கிறார். அது அடிபட்டுப் போகிறது. மிஞ்சியது இரண்டு. இரண்டும் ஒரே மாதிரி: வெளி யூனிட்டில் தாமதம், தானே சரிசெய்துவிட முடியும் என்ற முயற்சி, பிறகு கடைசி நேரத்தில் செய்தி. மற்ற 24 ஆர்டர்களில் இந்தக் குறை இல்லை.

"ஓனர்ஷிப் போதாது" என்று தொடங்கிய குற்றச்சாட்டு இப்போது எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். வேலையைத் தன்னுடையதாக நினைக்காதவள் டையிங் மாஸ்டரிடம் மூன்று நாள் மல்லுக்கு நிற்க மாட்டாள். அதிகமாகவே தன் தலையில் போட்டுக்கொண்டதுதான் பிரச்சினை. படிவத்தில் எழுதியிருந்தது மேலோட்டமாக இருந்தது மட்டுமல்ல, தலைகீழாகவும் இருந்தது. அந்த வரியை நம்பி அவள் தன்னை மாற்றிக்கொள்ள முயன்றிருந்தால், இன்னும் அதிகமாகத் தானே எடுத்துச் செய்து, இன்னும் தாமதமாகச் சொல்லியிருப்பாள்.

கம்யூனிகேஷனுக்கு ஏன் 2 என்று கேட்டால் அதற்கும் மேனேஜர் சொல்வது அதே நவம்பர் கதை. ஒரே தவறுக்கு இரண்டு கட்டத்தில் மதிப்பெண் வெட்டப்பட்டிருக்கிறது. இது அந்த மேனேஜருக்கு மட்டும் உள்ள குறை அல்ல. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் காட்டினார். ராணுவ அதிகாரிகள் தம் கீழ் உள்ளவர்களுக்கு அறிவு, உடற்கட்டு, தலைமைப் பண்பு, நடத்தை என்று தனித்தனியே மதிப்பெண் போட்டபோது, அவை ஒன்றோடொன்று நம்ப முடியாத அளவுக்கு ஒத்துப்போயின. ஆளைப் பற்றி ஒரு மொத்த அபிப்பிராயம் விழுந்துவிட்டால் எல்லாக் கட்டத்திலும் அதன் சாயல் படிந்துவிடுகிறது. நம் மெர்ச்சண்டைசர் பையர்களுக்கு எழுதும் மெயில்கள் தெளிவானவை என்று அதே மேனேஜர் பல தடவை சொல்லியிருக்கிறார். அதைக் கம்யூனிகேஷன் கட்டத்தில் நினைத்துப் பார்க்கவேயில்லை.

பாராட்டு வரிக்கும் இதே சோதனை வேண்டும். "நல்ல டீம் பிளேயர்" என்றால் என்ன செய்தாள்? ஜூலையில் வந்த ஒரு ஆர்டரில் துணி 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன். துவைக்கும் முறையைச் சொல்லும் கேர் லேபிளில் 100 சதவீதம் பருத்தி என்று இருந்தது. அது இன்னொரு மெர்ச்சண்டைசரின் ஆர்டர். பக்கத்து மேசையில் கிடந்த சாம்பிளைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தவள், துணி இப்படி நீளுகிறதே என்று லேபிளைப் புரட்டியிருக்கிறாள். 8,000 லேபிள் அச்சாவதற்கு முன்னால் பிழை நின்றது. இதைச் சொன்னால் அவள் மறுபடியும் பக்கத்து மேசை சாம்பிளைத் தொட்டுப் பார்ப்பாள். "டீம் பிளேயர்" என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவாள்.

இவ்வளவு தோண்டத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். அப்ரைசல் பேச்சு நல்லதை மட்டுமே செய்யும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு தகவல். ஆவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-இல், அதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து 607 முடிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சராசரியில், வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்வது பலன் தருகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட முடிவுகளில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்னைவிட மோசமாகியிருந்தது. அவர்கள் தந்த விளக்கம் நம் கதைக்கு நெருக்கமானது. பேச்சு ஒருவரின் கவனத்தைச் செய்த வேலையிலிருந்து விலக்கி "நான் எப்படிப்பட்டவள்" என்ற கேள்விக்குத் திருப்பினால் பலன் குறைகிறது. ஓனர்ஷிப் இல்லாதவள் என்று கேட்டவள் வீட்டுக்குப் போய் யோசிப்பது தன்னைப் பற்றி. செவ்வாய் முதல் வெள்ளி வரை என்று கேட்டவள் யோசிப்பது அந்த வாரத்தைப் பற்றி.

இந்தக் கட்டங்களையும் மதிப்பெண்களையும் ஏதோ கெட்ட எண்ணத்தில் கொண்டுவந்ததாக நான் சொல்லவில்லை. ஐம்பது பேரை ஐந்து மேனேஜர்கள் எடைபோட்டால் ஒரே அளவுகோல் வேண்டும்தான். அந்த அளவுகோலைக் கவனமாக உருவாக்கியவர்களும் இருந்தார்கள். 1963-இல் பட்ரீசியா கெய்ன் ஸ்மித், லோர்ன் கெண்டால் இருவரும் மருத்துவமனை நர்ஸ்களின் வேலையை மதிப்பிட ஒரு முறை வகுத்தார்கள். தலைமை நர்ஸ்களிடமே கேட்டு, நல்ல வேலைக்கும் மோசமான வேலைக்கும் நடைமுறை உதாரணங்களை அவர்கள் பேசும் சொற்களிலேயே எழுதி வாங்கினார்கள். பிறகு வேறொரு குழுவிடம் அந்த உதாரணங்களைக் கலைத்துக் கொடுத்து, எது எந்தப் பண்பைக் காட்டுகிறது என்று பிரிக்கச் சொன்னார்கள். பெரும்பாலோர் ஒரே இடத்தில் வைத்த உதாரணங்கள் மட்டும் அளவுகோலில் நின்றன. ஆக, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு நிகழ்ச்சி இருந்தது. பல கம்பெனிகளின் படிவத்தில் இன்று தலைப்பும் எண்ணும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன, நிகழ்ச்சி உதிர்ந்துவிட்டது. மேனேஜர் செய்ய வேண்டியது அதைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதுதான்.

சரி, பேச்சுக்கு வருவோம். மேனேஜர் அவளை மீட்டிங் அறைக்குக் கூப்பிடுகிறார்.

"வாங்கம்மா, உக்காருங்க. உங்க ரேட்டிங் 3. அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லாட்டி அதையே நினைச்சுட்டு இருப்பீங்க. இப்ப ரெண்டு விசயம் பேசணும். நவம்பர்ல அந்த நேவி கலர் ஆர்டர் ஞாபகம் இருக்குதுங்களா? டையிங்ல ஷேடு போனது உங்க தப்பு இல்லைங்க. ஏர்ல அனுப்பினதையும் உங்க மேல போடலை. ஆனா செவ்வாய்க்கிழமை உங்களுக்குத் தெரிஞ்சது, எனக்கு வெள்ளிக்கிழமைதான் வந்துச்சு. அன்னைக்கே தெரிஞ்சிருந்தா வேற துணியைப் போட்டு கட்டிங்க ஓட்டியிருப்பேன். ரெண்டு நாள் மேசை சும்மா கிடந்துச்சு. பிப்ரவரியிலயும் அட்டைப்பெட்டி லேட்டானப்ப இதேதான் நடந்துச்சு. ஏங்க அப்படி ஆச்சு?"

கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பல மேனேஜர்களுக்கு இங்கேதான் பொறுமை போகிறது. கேள்வியையும் கேட்டு, பதிலையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொல்கிறாள். "தப்பா நினைச்சுக்காதீங்க சார். லேட்டுன்னு வந்து சொன்னா நீங்க டென்ஷன் ஆயிடறீங்க. எல்லாரும் இருக்கிறப்ப சத்தம் போடறீங்க. அதான், பேசி எப்படியாவது நாளைக் குறைச்சுட்டு வந்து சொல்லலாம்னு பார்த்தேனுங்க."

இந்தப் பதில் எந்தப் படிவத்திலும் வராது. "ஓனர்ஷிப் போதாது" என்று சொல்லியிருந்தால், "சரிங்க சார், இம்ப்ரூவ் பண்ணிக்கறேன்" என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். தேதி சொல்லிக் கேட்டதால் காரணம் வெளியே வந்தது. காரணத்தில் பாதி மேனேஜரிடமே இருந்தது. அவருக்குக் கசக்கும். ஆனாலும் இந்த இடத்தில் அவர் தன்னை நியாயப்படுத்தத் தொடங்கினால் அடுத்த ஆண்டு யாரும் அவரிடம் உண்மை பேச மாட்டார்கள்.

"சத்தம் போடறது உண்மைதாங்க. அதை நான் நிறுத்திக்கறேன். இப்படி வெச்சுக்கலாம். வெளி யூனிட்ல தேதி தள்ளுதுன்னு தெரிஞ்சா, காரணம் முழுசாத் தெரியாட்டியும், அன்னைக்கே எனக்கு ஒரு வரி மெசேஜ் போட்டுடுங்க. எந்த ஆர்டர், எத்தனை நாள், அவ்வளவு போதும். அப்புறம் நீங்க அவங்களோட பேசுங்க. ஜூன் கடைசியில அந்த மூணு மாச ஆர்டரை ரெண்டு பேரும் உக்காந்து பார்ப்போம். இது சரியாப் போச்சுன்னா 4-க்கு நானே எழுதறேன். ஜூலையில அந்த கேர் லேபிளைப் பிடிச்சீங்களே, உங்க ஆர்டர்கூட இல்லை. அதையும் ஃபார்ம்ல எழுதியிருக்கேன்."

பேசியதும் எழுத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். முகத்துக்கு நேரே மென்மையாகப் பேசிவிட்டுப் படிவத்தில் வேறு எழுதுவது துரோகம். திருத்திய படிவம் இப்படி அமைகிறது: "26 ஆர்டர்களைக் கையாண்டார். நவம்பரிலும் பிப்ரவரியிலும் வெளி யூனிட் தாமதத்தை அறிந்த மூன்று நாட்களுக்குப் பிறகு தெரிவித்தார்; நவம்பரில் கட்டிங் பிரிவு இரண்டு நாள் வேலையின்றி இருந்தது. தாமதத்துக்கு அவர் பொறுப்பல்ல. இனி அன்றே தெரிவிப்பதாகப் பேசி முடிவானது. ஜூன் இறுதியில் பார்க்கப்படும். ஜூலையில் வேறொருவரின் ஆர்டரில் கேர் லேபிள் பிழையை அச்சுக்கு முன் கண்டுபிடித்தார். பையருக்கான கடிதங்கள் தெளிவாக உள்ளன." ஓனர்ஷிப் 3, கம்யூனிகேஷன் 4. மொத்தம் மாறாமல் 3. இரண்டு கட்டத்தில் எண் ஏறியும் மொத்தம் ஏன் ஏறவில்லை என்று அவள் கேட்டால் அதற்கும் நேரான பதில் அவரிடம் இருக்க வேண்டும்: பிந்திய செய்தியின் விளைவு பெரிது, அதனால் 3 என்பது அவருடைய தீர்ப்பு. ஒருவேளை அவர் 4 போட்டு, மேலே உள்ளவர்கள் குறைத்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. தானே வெட்டியதுபோல் நடித்து, பொய்யான காரணம் தேடித் தருவதைவிடக் கொடுமை வேறில்லை. அவள் அந்தப் பொய்க் காரணத்தைத் திருத்துவதற்காக ஓர் ஆண்டை வீணாக்குவாள்.

மனிதரைப் போல் பேசுவது என்றதும் நம் ஊரில் ஒரு ஆபத்து உண்டு; அதைச் சொல்லாமல் விட முடியாது. படிவத்தின் வறண்ட மொழியை விட்டதும் பலர் வீட்டுப் பேச்சுக்குள் நுழைந்துவிடுகிறார்கள். "உன்னைத் தங்கச்சி மாதிரி நினைச்சுத்தாம்மா சொல்றேன், கல்யாணத்துக்கு அப்புறம் உனக்கு வேலையில கவனமில்லை." பாசமாகத் தெரியும் இந்த வாக்கியம் அந்தப் படிவத்தைவிட மோசமானது. நடந்த நிகழ்ச்சி எதுவும் இதில் இல்லை. சரிபார்க்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அண்ணன் ஸ்தானத்தில் இருந்து பேசுகிறவரிடம் மறுத்துப் பேசினால் மரியாதை இல்லாதவள் என்ற பெயரும் சேரும். திருமணம், குழந்தை, உடல்நிலை, ஊர், படித்த கல்லூரி எதுவும் அப்ரைசல் அறைக்குள் வரக் கூடாது. இதே மூன்று நாள் தாமதத்தை ஓர் ஆண் மெர்ச்சண்டைசர் செய்திருந்தால் நான் என்ன எழுதியிருப்பேன் என்று மேனேஜர் தன்னைக் கேட்டுக்கொள்வது நல்லது. "அவர் பிஸியா இருந்தார்" என்ற பதில் வந்தால் படிவத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்றதும் சிலர் ஆண்டு முழுதும் குறித்துவைத்த பதினைந்து சம்பவங்களைக் கட்டாகக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். கேட்பவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதாகத்தான் உணர்வார். குறையைக் காட்ட இரண்டு நிகழ்ச்சி போதும், அவை ஒரே வகையாக இருந்தால். வெவ்வேறு வகையான ஐந்து குறைகள் இருந்தால் அதிக நஷ்டம் தருகிற ஒன்றை இப்போது பேசலாம். அதைவிட முக்கியம், நவம்பரில் நடந்ததை மார்ச்சில் முதல் தடவையாகச் சொல்வதே அநீதி. நவம்பரிலேயே பேசியிருந்தால் பிப்ரவரி நடந்திருக்காது. அந்த இரண்டாவது தாமதத்தில் மேனேஜருக்குப் பங்கு இருக்கிறது, அவர் அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேலையே போகும் அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தால் அதை இதமான சொற்களுக்கு நடுவில் ஒளிக்கக் கூடாது. "இது இப்படியே போனால் மூன்று மாதத்தில் வேலை தொடர்வது கஷ்டம்" என்பதை அதே தெளிவோடு சொல்ல வேண்டும். கேட்க வலிக்கும்தான். ஆனால் தெரியாமல் இருந்து ஒரு நாள் திடீரென்று வெளியே நிற்பது அதைவிட வலிக்கும்.

சொல்லாமல் எழுதி வைத்த ஒரே ஒரு சொல் ஒருவரின் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருடைய ரகசியக் குறிப்பேட்டில் 1993-94-க்கு "நன்று" என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு "மிக நன்று" தேவை. "நன்று" என்பது பாதகமான குறிப்பு அல்ல என்று கருதி, அதை அவரிடம் தெரிவிக்கவே இல்லை. பதவி உயர்வு கைநழுவியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒருவரின் வாய்ப்பைத் தடுக்கிற குறிப்பு, சொல்லளவில் நல்லதாக இருந்தாலும் விளைவில் பாதகமானதே என்றும், அரசு ஊழியரின் எல்லாக் குறிப்புகளையும் உரிய காலத்தில் அவரிடம் தெரிவிக்க வேண்டும் என்றும் 2008 மே மாதம் தீர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டே மத்திய அரசு தன் ஊழியர்களின் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையை முழுமையாக அவர்களிடம் காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது; மறுப்புத் தெரிவிக்க 15 நாள் அவகாசமும் தந்தது. தனியார் கம்பெனி ஊழியர்களுக்கு இந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் "நன்று" என்ற சொல்லே ஒருவரை நிறுத்திவிடக் கூடும் என்றால், "ஓனர்ஷிப் போதாது" என்பது எவ்வளவு செய்யும் என்று எழுதுகிறவர் நினைத்துப் பார்க்கலாம்.

படிவம் உங்கள் கைக்கு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். சண்டைக்குப் போகும் குரலில் வேண்டாம். "சார், இதைச் சரிசெய்யணும்னு நினைக்கறேன். எந்த வேலையில இப்படி இருந்துச்சுன்னு ஒண்ணு சொல்லுங்க." நல்ல மேனேஜராக இருந்தால் சொல்வார், உடனே நினைவு வராவிட்டால் தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்வார். அவர் சொல்லும் நிகழ்ச்சியில் உங்களுக்குத் தெரிந்த விவரம் விட்டுப்போயிருந்தால், ஊழியர் கருத்துக்கென்று படிவத்தில் விட்டிருக்கும் இடத்தில் தேதியோடு எழுதுங்கள். பலர் அந்த இடத்தில் "நன்றி" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள்.

மேனேஜராக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு குறையை எழுதியதும் அதற்கான நாளையும் வேலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஏனென்றால் அந்தக் குறைக்கு உங்களிடம் ஆதாரம் இல்லை.